டிவிடெண்ட் இல்லாத புரட்டாசி

திண்டிவனத்தில் ஓர் எண்ணெய் ஆலையில் நான் அக்கவுண்டன்டாக இருந்தேன். பங்குதாரர் பதிவேடும் என் மேஜையில்தான் கிடந்தது. அதில் பெயர் உள்ளவர்களில் நாலில் ஒருவர் செத்துப் போயிருந்தார்.

பப்ளிக் லிமிடெட் கம்பெனிதான், சுடுகாட்டுக் கமிட்டி இல்லை. ஆலை தொடங்கிய காலத்தில் சுற்றுவட்டார விவசாயிகள் மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, ஆலைக்குப் போட்டுவிட்டு, விலையில் ஒரு பகுதிக்குப் பணத்துக்குப் பதில் பங்கு வாங்கிக்கொண்டார்கள். ஒரு பங்கு பத்து ரூபாய். அன்றிலிருந்து வருடம் தவறாமல் பன்னிரண்டு சதவீத டிவிடெண்ட், அதாவது பங்குக்கு ஒரு ரூபாய் இருபது காசு. கொழுத்த வருடத்தில் பதினைந்தாக ஏறியதில்லை. மெலிந்த வருடத்தில் பத்தாக இறங்கியதில்லை. செப்டம்பர் மாதப் பொதுக்கூட்டத்தை எங்கள் சேர்மன் பஞ்சாங்கம் பார்த்துத்தான் வைப்பார். அவரை ஆலையில் எல்லோரும் முதலாளி என்றுதான் சொல்வோம். கூட்டம் முடிந்த வாரத்திலேயே டிவிடெண்ட் வாரண்டுகளைத் தபாலில் சேர்த்துவிடுவோம். வங்கியில் நீட்டிப் பணமாக்கிக்கொள்ளும் சீட்டு அது. மகாளய அமாவாசைக்குள் வீடுகளுக்குப் போய்விடும்.

அந்தப் பணத்தில் படையல் போடுவது ஊர் வழக்கமாகிவிட்டது. செத்த அப்பாவுக்கு அவர் பெயருக்கு வந்த பணத்திலேயே வேட்டி, வடை, வாழைக்காய்ப் பொரியல். பெயரை மாற்ற வேண்டுமானால் இறப்புச் சான்று, வாரிசுகள் எல்லோருடைய கையெழுத்து, பத்திரம் என்று அலைய வேண்டும். அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை இல்லாத வீடுகளில் அது நடக்கிற காரியமில்லை. அதெல்லாம் மேலுக்குச் சொல்கிற காரணம். அப்பா பெயர் போட்ட கவரைத் தபால்காரர் வாசலில் நின்று சத்தமாகப் படிப்பார். அதை இழக்க யாருக்கும் மனசில்லை, அவ்வளவுதான். செத்தவர் கையெழுத்தைப் பிள்ளை போடுவான். காசாளர் தலையைத் தூக்காமல் எண்ணிக் கொடுப்பார். பதிவேட்டை வைத்திருந்த நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, ஏனென்றால் செத்தவர்களில் ஒருவர் என் அப்பா.

முந்நூறு பங்கு வைத்துவிட்டுப் போயிருந்தார். எங்களுக்கு நிலம் கிடையாது. விழுப்புரத்தில் இருந்தது வாடகை வீடு. சொத்து என்று சொல்லிக்கொள்ள அந்த முந்நூறு பங்குதான். வருடம் முந்நூற்று அறுபது ரூபாய் வரும். அம்மா அதை என் சம்பளத்தோடு சேர்க்க மாட்டாள். "இது அவரு குடுத்தது" என்று தனியாக முடிந்து வைப்பாள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம் இந்த ஏற்பாட்டை நான்தான் கெடுத்தேன். நல்ல எண்ணத்தோடு கெடுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதற்கு இரண்டு வருடம் முன்புதான் சால்வண்ட் பிளான்ட் போட்டோம். செக்கில் பிழிந்த பிறகும் புண்ணாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணெயைக் கரைத்து எடுக்கிற இயந்திரம் அது. அதற்கு ஒரு நிதி நிறுவனத்தில் அறுபது லட்சம் நீண்டகாலக் கடன். வங்கியில் ஓவர்டிராஃப்ட் முப்பது லட்சம். எங்கள் சொந்தப் பணம், பங்கு மூலதனம் முப்பது லட்சமும் சேர்த்து வைத்த லாபம் பத்து லட்சமும். நம் ரூபாய் ஒன்றுக்கு அடுத்தவன் ரூபாய் இரண்டேகால் உள்ளே நின்றது. மழை பெய்து மல்லாட்டை வந்துகொண்டிருந்தால் இது தவறே இல்லை. அடுத்தவன் பணத்தில் நாம் சம்பாதிப்போம். இரண்டு வருடம் மழை ஏமாற்றியது. பிளான்ட் பாதி நாள் சும்மா நின்றது. வட்டிக்கு மழை வெயில் தெரியாது.

ஆவணி மாதத்தில் போர்டு கூடும் முன் முதலாளி என்னை அறைக்குள் கூப்பிட்டார். மல்லாட்டைத் தரகில் தொடங்கி மேலே வந்தவர், சொந்த மண்டியும் வைத்திருந்தார். ஆலையில் மூன்றில் ஒரு பங்கு அவருடையது. கணக்கை வாயால் கேட்பாரே தவிரக் காகிதத்தில் பார்க்க மாட்டார்.

அந்த வருடம் லாபம் நாலு லட்சத்துச் சொச்சம் என்று சொன்னேன். பன்னிரண்டு சதவீதத்துக்கு மூன்று லட்சத்து அறுபதாயிரம் போதும், சட்டப்படி கொடுக்கத் தடையில்லை. ஆனால் லாபம் காகிதத்தில் இருந்தது. பணம், புண்ணாக்கு விற்ற வகையில் வரவேண்டிய நாலு லட்சம் மட்டும். ஆனி மாதத்தோடு நின்றுபோன கடன் தவணையும் அதே நாலு லட்சம். தவணை பாக்கி இருக்கும்போது அவர்கள் சம்மதம் இல்லாமல் டிவிடெண்ட் கொடுக்கக் கூடாது என்று கடன் பத்திரத்திலேயே இருக்கிறது. தவணையைக் கட்டிவிட்டால் டிவிடெண்டுக்கு ஓவர்டிராஃப்டில்தான் கை வைக்க வேண்டும், பதினெட்டு வட்டிக்கு. அப்படி வைத்துவிட்டால் ஐப்பசியில் வரத்து வரும்போது மல்லாட்டை வாங்கப் பணம் இருக்காது. வாங்காத மல்லாட்டையில் எண்ணெய் வராது. அடுத்த தவணையும் நிற்கும். தொடர்ந்து நின்றால் கடனில் ஐந்தில் ஒரு பகுதியைப் பத்து ரூபாய் விலைக்கே பங்காக மாற்றிக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. கணக்குப் புத்தகப்படி பங்கு ஒன்று பதின்மூன்று ரூபாய் பெறும்போது, பத்துக்கு லட்சத்து இருபதாயிரம் பங்கை வெளியாள் எடுத்துக்கொண்டால், மூன்று லட்சம் பங்காக இருக்கிற நம் ஆலை நாலு லட்சத்து இருபதாயிரமாகும். நம் ஜனங்களுடைய பாகம் அந்த அளவுக்குத் தேயும்.

முதலாளி வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பாதி கொடுத்தால் என்ன என்றார். அதுவும் கடன் வாங்கித்தான், பாதிக் கேடு என்றேன்.

"யோவ், நம்ம ஜனங்களுக்கு டிவிடெண்டுதான்யா ஆலை," என்றார். "அது வந்தா ஆலை உசுரோட இருக்குது. வரலேன்னா செத்துட்டுதுன்னு நெனப்பாங்க. நீ இன்னா கணக்கு சொன்னாலும் அதான்."

விளக்கமாக எழுதிவிடலாம் என்று சொன்னேன். எழுதினேன். இயக்குநர் அறிக்கையில் ஒரு முழுப் பக்கம், நல்ல தமிழில். ஒரு ரூபாய் இருபது காசை உங்கள் கையில் கொடுத்தால் ஆலைக்குள் இருக்கும் உங்கள் பங்கின் மதிப்பில் அதே ஒரு ரூபாய் இருபது காசு குறைகிறது. கொடுக்காமல் கடனை அடைத்தால் வட்டி நின்று அது உங்களுக்கே வளர்கிறது. முதலாளிக்கும் இந்த வருடம் லட்சத்து இருபதாயிரம் கிடையாது. இதைப் படித்து ஜனங்கள் ஆறுதல் அடைவார்கள் என்று நம்பினேன். எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது. அந்த வயதில் எழுத்தின் மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

நோட்டீஸ் தபாலில் போனது. சண்டைக்கு ஆள் வரும் என்று பியூனிடம் சொல்லி வாசல் கதவை ஒரு பக்கம் மட்டும் திறந்து வைத்தேன். பியூன் என்னைவிடப் பத்து வயது பெரியவர், எதற்கும் அசையாதவர். யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்தார்கள், அவ்வளவுதான். இரண்டு பேராக, மூன்று பேராக வருவார்கள். ஆபீஸ் வாசலில் நின்று என்னைப் பார்ப்பார்கள். என்ன வேண்டும் என்று கேட்டால் பதில் வராது. பிறகு ஆலையின் பக்கவாட்டுச் சுவரோரம் போய் நிற்பார்கள். ஒருவர் உள்ளங்கையைச் சுவரில் பதித்து வைத்திருப்பார். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள்.

எனக்கு விளங்க இரண்டு நாளானது. செக்குகள் ஓடினால் அந்தச் சுவரில் ஒரு அதிர்வு இருக்கும். அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள், நோயாளிக்கு நாடி பார்க்கிற மாதிரி.

அந்த மாதம் ஆலைகளுக்கு மின்வெட்டு வேறு. வெட்டு இருக்கும் நாளில் வந்தவர் சுவரில் கையை வைப்பார்; வைத்தபடியே வெகுநேரம் நிற்பார்; பிறகு கையைத் துடைத்துக்கொண்டு யாரிடமும் பேசாமல் போவார். கரண்ட் இல்லாததால்தான் நிற்கிறது என்று ஒருவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "ஆமாங்க" என்றார். துக்க வீட்டில் வாசலில் நிற்பவர்கள் எதைச் சொன்னாலும் ஆமாங்க என்பார்களே, அதே ஆமாங்க. ஒரு நாள் மத்தியானம் யாரும் இல்லாத நேரம் பார்த்து நானும் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். செக்கு ஓடும் சத்தம் காதிலேயே கேட்டுக்கொண்டிருந்தது. ஆனாலும் வைத்துப் பார்த்தேன்.

அடுத்த வாரம் கவர்கள் திரும்பி வரத் தொடங்கின.

முதல் நாள் ஏழு. நான் அனுப்பிய நோட்டீஸ் கவர்கள்தான். மேலே நீலப் பென்சிலில் 'பெறுபவர் காலமானார்' என்று எழுதித் திருப்பியிருந்தது. எத்தனையோ வருடமாக ஒரு கவர் அப்படித் திரும்பியதில்லை. மறுநாள் பத்தொன்பது. ஓமந்தூரிலிருந்து மட்டும் ஒரே கட்டாகப் பதினொன்று. பத்து வருடம் முன்பு செத்தவர், ஆலை தொடங்கிய அன்றைக்கு மாலை போட்டுக்கொண்டு நின்றவர், எல்லோரும் ஒரே வாரத்தில் செத்துக்கொண்டிருந்தார்கள். வெவ்வேறு ஊர்த் தபால்காரர்கள், வெவ்வேறு கையெழுத்து, அதே இரண்டு சொல். பணம் வரும்வரை வாங்கி வைத்துக்கொண்ட கவரைப் பணம் இல்லை என்றதும் வேண்டாம் என்று வீட்டார்கள் திருப்பிவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்றைக்கூடப் பிரிக்காமல் வைத்தேன்.

மேஜையில் இடமில்லாமல் எதிர் நாற்காலியில் அடுக்கினேன். நாலு நாளில் அடுக்கு நாற்காலியின் முதுகு உயரத்துக்கு வந்துவிட்டது. காலையில் பெருக்க வந்த பியூன் அந்தப் பக்கம் மட்டும் விட்டுவிட்டுப் பெருக்கினார். ஏன் என்றேன்.

"ஆளு ஒக்காந்துக்கினு இருக்கிற மாதிரி இருக்குது சார். எழுப்பினா நல்லா இருக்காது."

சிரித்தேன். சிரித்துவிட்டு என் நாற்காலியைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

அன்று வந்த கட்டில் எட்டாவது கவரில் என் வீட்டு விலாசம் இருந்தது. மேலே அப்பா பெயர். விலாசத்தை எழுதியது நான். குறுக்கே நீலப் பென்சில். அப்பா போய் ஏழு வருடம் ஆகியிருந்தது, கொள்ளி வைத்தவனே நான்தான். இருந்தாலும் அந்தக் கவரைப் பார்த்ததும், செய்தி இப்போதுதான் வந்து சேர்ந்த மாதிரி தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பியூன் சோடா வாங்கி வந்தார். யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். அப்பா தவறிவிட்டார் என்று சொல்லிவிட்டேன். அவர் பாவம், அரை நாள் லீவு எழுதி வைத்தார்.

பஸ் பிடித்து விழுப்புரம் போனேன். அம்மா கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். கவரை ஏன் திருப்பி அனுப்பினாய் என்றதற்கு முறத்தை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"பணம் வராத வருசம் அவரு பேருக்குக் காயிதம் எதுக்கு? எல்லாருந்தான் திருப்பினாங்க. தபால்காரரு கேட்டாரு, செத்துட்டாரான்னு. ஆமான்னேன்."

"நான்தாம்மா நிறுத்தச் சொன்னேன். கடன் அடைக்கத்தான். ஆலைக்கு ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லேன்னா நீ ஏன்டா வேல நேரத்துல ஓடியாந்துக்கினு இருக்க?"

அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கணக்குப் போட்டேன். கணக்கு மாறவில்லை. மூலதனம், கடன், வட்டி எல்லாம் நான் எழுதியபடிதான் இருந்தன. ஆனால் பக்கத்து சீட்டுக்காரர் அவர் பக்கத்துக்காரரிடம் ஆலையை முதலாளி மூடப் போகிறாராம், பங்கு ஆறு ரூபாய்க்குக் கேட்கிறார்களாம், அடுத்த வாரம் நாலுதான் என்று சொல்லிக்கொண்டு வந்தார். பங்கு கை மாறுவதால் ஆலைக்குள் ஒரு பைசா கூடுவதும் இல்லை குறைவதும் இல்லை என்று அவருக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அந்த ஆறு மட்டும்தான் கேட்டது. எங்களிடம் இருந்த ஒரே சொத்து. பதின்மூன்று பெறும் என்று அச்சுப் போட்டவன் நான். ஆறுக்காவது கேட்க ஆள் இருக்கும்போதே தள்ளிவிட வேண்டும் என்று ஒலக்கூர் தாண்டுவதற்குள்... இல்லை, அந்தப் பக்கம் பஸ் போகவே போகாது. பயத்தில் ஊர்ப் பெயர்கூட இப்போது மாறி வருகிறது. எந்த ஊரைத் தாண்டும்போதோ முடிவு செய்துவிட்டேன்.

கமிட்டி என்று நாங்கள் சொல்லும் விளைபொருள் சந்தையில் ஒரு தரகர் இருந்தார். மூட்டைக்குத் தரகு பார்ப்பவர், அந்த மாதம் பங்குக்கும் பார்த்தார். நான் போய் நின்றதும் முகத்தைக் கவனமாக வைத்துக்கொண்டார்.

"ஆபீஸ்காரங்களே விக்கிறீங்களா சார்?"

ஒரு நண்பருக்காக என்றேன். நண்பர் யார் என்றார். என் அப்பா என்றேன். ஆறு ரூபாய்க்கு யாரோ ஒரே ஆள் வருகிறதையெல்லாம் வாங்கிக்கொண்டிருப்பதாகவும், வாங்குகிறவர் பெயரை அப்புறம் நிரப்பிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். ஆயிரத்து எண்ணூறு ரூபாய். வாரிசு என்று நான் கையெழுத்துப் போட்டேன். அம்மாவின் கையெழுத்தும் அப்பாவின் இறப்புச் சான்றும் வேண்டும். திரும்ப வீட்டுக்குப் போய், ஆபீஸ் காயிதம் என்று சொல்லி அன்றைக்கே வாங்கிக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டித் தன் பெயரைப் போட்டுவிட்டு, எதற்கு என்றுகூடக் கேட்காமல் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மறுநாள் பொதுக்கூட்டம்.

திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபம். வழக்கம்போல முந்நூறு நாற்காலி போட்டிருந்தது. வந்தவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். மற்ற வருடங்களில் செத்தவர் பெயருக்கு மகன் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வருவான். அந்த வருடம் வருகைப் பதிவேட்டில் ஒரு செத்தவர்கூட இல்லை. வந்த நாற்பது பேரும் கடைசி வரிசைகளில் போய் உட்கார்ந்தார்கள். முன்னால் பத்துப் பன்னிரண்டு வரிசை காலி. மேடையில் இருந்த எனக்கு, முன் வரிசைகளை யாருக்கோ மரியாதையாக விட்டு வைத்த மாதிரி இருந்தது. இருமல் இல்லை, குழந்தை அழுகை இல்லை. மின்விசிறிகள் மட்டும் அந்தக் காலி நாற்காலிகளுக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தன. அறிக்கையை வாசிக்கும்போது முதல் வரிசையைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். மனம் கேட்கவில்லை. இரண்டு முறை அந்தப் பக்கம் கும்பிட்டுவிட்டேன் என்று பியூன் பிறகு சொன்னார்.

ஒரு பெரியவர் மட்டும் எழுந்து, டிவிடெண்ட் இல்லை என்று போர்டு சொன்னாலும் கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கி வழக்கமான பன்னிரண்டைப் போட்டுக்கொள்ளலாமே என்றார். போர்டு சொல்வதைக் கூட்டம் குறைக்க முடியும், ஏற்ற முடியாது, சட்டம் அப்படி என்று விளக்கினேன். அவர் உட்கார்ந்தார்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து நடந்து வந்தார். நாற்பது வயது இருக்கலாம். கெடாரில் ஐந்து ஏக்கர் மல்லாட்டை போடுகிறவர், தன் பெயரிலேயே கொஞ்சம் பங்கு வைத்திருந்தவர். கையில் எங்கள் அறிக்கை, என் விளக்கப் பக்கம் மடித்திருந்தது. காலி வரிசைகளைத் தாண்டி வந்து, முதல் வரிசை நாற்காலி ஒன்றை அலட்சியமாக இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தார். எனக்கு ஐயோ என்று இருந்தது.

"எங்களுக்குக் குடுக்கல. சரி. அந்தப் பணம் எங்க போச்சு?"

தவணை கட்டியாகிவிட்டது என்றேன்.

"ரசீது இருக்குதா? எடுத்தாங்க, பாக்கறேன்."

ரசீதை வாங்கித் தேதியையும் தொகையையும் விரலை வைத்துப் படித்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார்.

"உங்க சம்பளத்த இந்த வருசம் ஏத்திக்கினீங்களாங்க?"

முதலாளி இல்லை என்று தலையசைத்தார். அந்தப் பெண் அதை நம்பாமல் என்னைப் பார்த்தார். அறிக்கையில் எந்தப் பக்கம் என்று சொன்னேன். போன வருடத் தொகையும் இந்த வருடத் தொகையும் ஒன்றுதான் என்பதை ஒத்துப் பார்த்தார்.

"உங்க மண்டிக்கு ஆலைப் பணம் முன்பணமாப் போயிருக்குதா?"

"ஒரு பைசா போகல தாயி," என்றார் முதலாளி. ஆலை வெளியே கொடுத்த முன்பணப் பட்டியலைப் பிரித்துக் காட்டினேன். மின்விசிறிக் காற்றில் காகிதம் படபடத்தது. அந்தப் பெண் காகிதத்தின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு படித்தார்.

"அப்போ சரி," என்றார். "எனக்குக் குடுக்காதது கடனுக்குப் போயிருக்குது. உங்க வீட்டுக்குப் போகல. வேற எதுனா போயிருந்தா இன்னிக்கே வித்துட்டுப் போயிருப்பேன்."

எழுந்து பின் வரிசைக்குப் போய்விட்டார். முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு எழுதிவிட்டேன். டிவிடெண்டைக் குறைத்தால் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு அந்த மூன்று கேள்விக்கு மேல் ஒரு கேள்வியை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. அன்றைக்கு அதைப் பாராட்டும் நிலையில் நான் இல்லை. ஆயிரத்து எண்ணூறு ரூபாய் சட்டைப் பையில் இருந்தது, கம்பளிப்பூச்சி மாதிரி.

கூட்டத்துக்காகப் பதிவேட்டை மூடி வைத்திருந்ததால் விற்ற பங்குகளின் படிவங்கள் ஐப்பசியில்தான் என் மேஜைக்கு வந்தன. கொண்டு வந்தது தரகர் இல்லை. அந்தக் கெடார்ப் பெண்ணே வந்தார். ஒரு மஞ்சள் பை நிறையப் படிவங்கள். வாங்குகிறவர் இடத்தில் எல்லாவற்றிலும் அவர் பெயர். மல்லாட்டை விற்ற பணத்தை அப்படியே போட்டிருந்தார். எதிர் நாற்காலியில் திரும்பி வந்த கவர்கள் இன்னும் இருந்தன. அவர் அந்த அடுக்கைத் தூக்கி அலமாரி மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பியூன் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

ஒவ்வொரு படிவமாகச் சரிபார்த்தேன். நடுவில் என்னுடையது வந்தது. அதை அடியில் செருகப் பார்த்தேன். அவர் கண் என்னைவிட வேகம்.

"இது உங்க கையெழுத்தா சார்? நீங்கதான அந்தப் பக்கத்த எழுதினது?"

ஆமாம் என்றேன்.

"அதப் படிச்சுட்டுத்தான் நான் வாங்கினேன்," என்றார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். கிண்டல் இல்லை, விளங்காத எதையோ விளங்கிக்கொள்ளப் பார்க்கிற பார்வை. பிறகு அந்தப் படிவத்தைத் தனியே எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "போர்டுல இன்னும் பாஸ் ஆவல இல்ல. ஆயிரத்தெட்டுநூறக் குடுத்துட்டு எடுத்துக்கோங்க. உங்க அப்பா பங்கு."

மேஜை இழுப்பறையில் அந்தப் பணம் அப்படியே இருந்தது. ஆனால் அந்த வாரம் வரத்து மந்தம், சந்தையில் மூட்டை குறைவு, பங்கு ஐந்துக்கு இறங்கிவிட்டது என்று காலையில்தான் கேள்விப்பட்டிருந்தேன். அதோடு அலமாரி மேலிருந்து அந்தக் கவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. இப்போது திருப்பி வாங்கினால் நான் இரண்டு முறை பயந்ததாக ஆகும் என்று ஒரு ஞாயம் தோன்றியது. இன்றுவரை அந்த ஞாயத்தின் அர்த்தம் எனக்குப் பிடிபடவில்லை.

"இருக்கட்டும்மா," என்றேன்.

அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் அப்பாவின் இறப்புச் சான்றை எடுத்து வைத்தார். ஐந்நூறு பங்கைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும் என்றார். விற்பதற்காக இல்லாமல், பெயரை மாற்றிக்கொள்ள அந்தச் சான்றோடு இத்தனை வருடத்தில் வந்த முதல் ஆள் அவர்தான். போர்டில் எல்லாம் பாஸ் ஆனது. முதலாளி என் படிவத்தில் பெயரைப் பார்த்தார், வெற்றிலையை இன்னொரு பக்கம் ஒதுக்கினார், கையெழுத்துப் போட்டார். அன்று பதிவேட்டில் அந்தப் பெண்ணின் அப்பா பெயரையும் என் அப்பா பெயரையும் அடுத்தடுத்துச் சிவப்பு மையில் அடித்தேன். அடித்த கோடு இரண்டாவது பெயரில் கோணலாகப் போயிருந்தது. தணிக்கைக்கு வந்தவர் மை தகராறா என்று கேட்டார்.

அடுத்த வருடம் மழை பெய்தது. தவணைகள் ஒன்றும் நிற்கவில்லை. டிவிடெண்ட் ஆறு சதவீதம் போட்டோம். அதற்கு அடுத்த வருடம் கடன் பாதிக்கு மேல் இறங்கியது, வட்டி மிச்சமானது, போர்டு பதினைந்து போட்டது. பங்கை இருபதுக்குக் கேட்டு ஆள் வந்தது. வாரண்ட் எழுதியது நான்தான், அந்தக் கெடார் அம்மாள் பெயருக்கு, என் அப்பாவின் முந்நூறும் சேர்த்து.

பங்கை விற்றதை வீட்டில் நான் சொல்லவே இல்லை. ஆறு சதவீதம் போட்ட அந்தப் புரட்டாசியில் அம்மா பஸ் ஸ்டாண்டில் யாரோ சொல்லிக் கேட்டுவிட்டு வந்தாள்.

"ஆலைல இந்த வருசம் குடுக்கிறாங்களாமே. உங்க அப்பாவுக்கு வந்துச்சாடா?"

"வந்துச்சும்மா," என்று சம்பளத்திலிருந்து நூற்று எண்பது ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். கவர் எங்கே என்றாள். இப்போதெல்லாம் ஆபீசிலேயே கையில் கொடுத்துவிடுகிறார்கள் என்றேன். நல்ல ஏற்பாடு என்றாள். அடுத்த வருடம் பதினைந்து, ஆகவே நானூற்று ஐம்பது. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, அப்பா படத்துக்கு முன்னால் நின்று, பரவாயில்லை, உங்க ஆலை நல்லாத்தான் போவுது என்று அவரிடம் சொன்னாள். நானும் பக்கத்தில் நின்றேன். படத்தில் அப்பா என்னை மட்டும் பார்க்கிற மாதிரி இருந்ததால் கொஞ்சம் தள்ளி நின்றேன். அங்கேயும் பார்த்தார்.

அதற்கு அடுத்த ஆவணியில் டிவிடெண்டை இருபதாக ஏற்றலாமா என்று முதலாளி என்னிடம் கேட்டார். வேண்டாம் என்று இரண்டு பக்கம் நோட் எழுதினேன். ஒரு நல்ல வருடத்தைப் பார்த்து ஏற்றக் கூடாது, ஏற்றியதை இறக்கினால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்று பார்த்துவிட்டோம், மீதிக் கடனை அடைத்துவிட்டு ஏற்றலாம் என்று எழுதினேன். காரணங்கள் எல்லாம் சரியானவைதான். முதலாளி முழுதும் கேட்டுவிட்டு, இருபதானால் முந்நூறு பங்குக்கு எவ்வளவு வரும் என்று கேட்டார்.

அறுநூறு என்றேன்.

"உன் சம்பளத்துல அது கஷ்டந்தான்யா," என்றார், அவ்வளவு நாள் எப்படித் தெரிந்து வைத்திருந்தாரோ. வெற்றிலைச் செல்லத்தை மூடினார். அந்த வருடமும் பதினைந்தே போட்டார்கள்.